துறை விழும் வாரங்களில் தெரியும் முன்னணிப் பங்கு

கேள்வி: "ஒரு துறைக்குள் பணம் வர ஆரம்பித்ததும் அந்தத் துறையின் பங்குகளை அதன் குறியீட்டோடு ஒப்பிட்டு, யார் முந்துகிறார்களோ அவர்களை வாங்குகிறேன். ஆனால் துறை கொஞ்சம் இறங்கினாலே நான் வாங்கியதுதான் முதலில் விழுகிறது, அதிகமாகவும் விழுகிறது. ஒப்பீட்டில் எங்கே தப்பு செய்கிறேன்?"

நீங்கள் வாங்கியவற்றில் பெரும்பாலானவை துறையின் அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் பங்குகளாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். துறை ஏறும் வாரங்களை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அப்படிப்பட்ட பங்குகள்தான் பட்டியலின் தலையில் வந்து உட்காரும். உண்மையான முன்னணிப் பங்கு எது என்பது துறை விழுந்த வாரங்களில், அதுவும் துறை திரும்புவதற்கு முன்னால் வந்த கடைசி இறக்கத்தில்தான் தெளிவாகத் தெரியும். நீங்கள் பார்க்க ஆரம்பிக்கும் நேரத்தில் அந்தச் சாட்சியம் பழசாகிவிடுகிறது, சார்ட்டைப் பின்னால் இழுத்துப் பார்க்காதவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. சரி, அடிப்படையிலிருந்து வருகிறேன்.

ஒப்பீட்டு வலிமை என்று நாம் சொல்வது ஒரு வகுத்தல் கணக்கு மட்டும்தான். பங்கின் இறுதி விலையைத் துறைக் குறியீட்டின் இறுதி மதிப்பால் வகுத்து, வருகிற எண்ணைக் கோடாக வரைகிறோம். கோடு ஏறினால் பங்கு துறையை முந்துகிறது, இறங்கினால் பின்தங்குகிறது. பங்கு விலை ஏறுகிறதா என்பதைப் பற்றி இந்தக் கோடு ஒரு வார்த்தையும் சொல்லாது. துறை 10 சதவீதம் விழுந்து பங்கு 6 சதவீதம் விழுந்தாலும் கோடு மேலேதான் போகும். 1978இல் வைல்டர் அறிமுகப்படுத்திய ஆர்.எஸ்.ஐ., அதாவது ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த் இன்டெக்ஸ் என்ற குறியீட்டின் பெயர் இதைப் போலவே ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள். அது ஒரு பங்கை அதன் சொந்தக் கடந்த சில நாட்களோடு மட்டுமே ஒப்பிடுகிறது, துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பணம் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் துறைச் சுழற்சியில் இரண்டு கோடுகள் வேண்டும். துறைக் குறியீட்டைப் பரந்த சந்தைக் குறியீட்டால் வகுத்த கோடு, பணம் இந்தத் துறைக்கு வருகிறதா என்று சொல்லும். பங்கைத் துறைக் குறியீட்டால் வகுத்த கோடு, வந்த பணம் துறைக்குள் எங்கே போகிறது என்று சொல்லும். இரண்டையும் பெருக்கினால் பங்கு சந்தையை எவ்வளவு முந்தியது என்பது கிடைத்துவிடும். பங்கை நேரடியாகச் சந்தையோடு மட்டும் ஒப்பிடுபவர்களுக்கு இந்த இரண்டும் கலந்து போய், துறை தூக்கிவிட்டதா, பங்கே முந்தியதா என்று பிரிக்க முடியாமல் போகிறது.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. எண்கள் நான் வைத்தவை, ஆனால் இந்த வடிவத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் சந்தை 10,000, துறைக் குறியீடு 2,000. துறைக்குள் இரண்டு பங்குகள்: 'க' விலை 400, 'ச' விலை 150. வகுத்தால் க 0.2000, ச 0.0750. முதல் 8 வாரங்களில் சந்தை 9,000க்கு இறங்குகிறது. துறை 1,840க்கு வருகிறது, அதாவது 8 சதவீத இறக்கம். துறை விழுந்தாலும் சந்தையைவிடக் குறைவாக விழுந்திருக்கிறது, சுழற்சியின் முதல் அறிகுறி இதுதான். இந்த நேரத்தில் க 388க்கு மட்டுமே இறங்குகிறது, ச 129க்குப் போய்விடுகிறது. வகுத்த எண்கள்: க 0.2109, ச 0.0701. அடுத்த 6 வாரங்களில் சந்தை 9,540க்கு ஏற, துறை 12 சதவீதம் ஏறி 2,060 ஆகிறது. இப்போதுதான் எல்லோரும் இந்தத் துறையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். க 442, ச 158. வகுத்தால் க 0.2146, ச 0.0767.

உங்கள் பழக்கப்படி இந்த 6 வாரங்களை மட்டும் பாருங்கள். க துறையை 2 சதவீதம்கூட முந்தவில்லை. ச 9 சதவீதத்துக்கு மேல் முந்தியிருக்கிறது. யாராக இருந்தாலும் ச-வைத்தான் வாங்குவார்கள். அப்புறம் துறை 3 வாரம் இளைப்பாறுகிறது, 5 சதவீதம் இறங்கி 1,957. க 431க்கு வருகிறது. ச 144க்கு விழுகிறது, கிட்டத்தட்ட 9 சதவீதம். இப்போது வகுத்தால் க 0.2202, ச 0.0736. மொத்த 17 வாரங்களையும் சேர்த்துப் பார்த்தால் க துறையை 10 சதவீதம் முந்தியிருக்கிறது, ச தொடங்கிய இடத்துக்கும் கீழே நிற்கிறது. சந்தை இப்போது 9,200 என்று வைத்துக்கொண்டால், துறை சந்தையை ஏறக்குறைய 6 சதவீதம் முந்தியிருக்கிறது. அதை 1.06 என்றும் க துறையை முந்திய 10 சதவீதத்தை 1.10 என்றும் எழுதிப் பெருக்கினால் க சந்தையை முந்தியது 17 சதவீதம் என்று வரும். இரண்டு கோடுகளும் சேர்ந்து வேலை செய்வது என்றால் இப்படித்தான்.

ச என்ன செய்தது என்று கவனியுங்கள். துறை 8 சதவீதம் விழுந்தபோது 14 சதவீதம் விழுந்தது, 12 ஏறியபோது 22 சதவீதத்துக்கு மேல் ஏறியது, 5 விழுந்தபோது 9 விழுந்தது. ஒவ்வொரு முறையும் துறையின் அசைவை ஏறக்குறைய 1.8ஆல் பெருக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கென்று தனி வலிமை எதுவும் இல்லை. கடன் சுமை அதிகமுள்ள நிறுவனங்கள், லாப விகிதம் மெலிந்த நிறுவனங்கள், துறையிலேயே சின்ன நிறுவனங்கள் பல நேரம் இப்படி நடந்துகொள்ளும், ஏனென்றால் துறையின் நல்லது கெட்டது அவற்றின் லாபத்தில் பெரிதாக அடிக்கும். க வேறு மாதிரி. விழும்போது துறையைவிடக் குறைவாக விழுந்தது, ஏறும்போது துறையைவிடச் சற்று அதிகமாக ஏறியது. பெருக்கல் எண் ஒன்றை வைத்து இதை விளக்க முடியாது. துறை எந்தப் பக்கம் போனாலும் யாரோ இந்தப் பங்கை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிப்பேன்.

இதைக் கண்ணால் மட்டும் நம்ப வேண்டாம். ஒரு விரிதாளில் வாராந்திர சதவீத மாற்றத்தைப் போடுங்கள்: D நிரலில் பங்கு, E நிரலில் துறைக் குறியீடு, 3ஆம் வரியிலிருந்து 28ஆம் வரி வரை 26 வாரங்கள். பிறகு இந்த மூன்று கணக்குகள்:

```
=AVERAGEIF(E3:E28,"<0",D3:D28)
=AVERAGEIF(E3:E28,"<0")
=SLOPE(D3:D28,E3:E28)
```

முதலாவது, துறை விழுந்த வாரங்களில் பங்கின் சராசரி மாற்றம். இரண்டாவது, அதே வாரங்களில் துறையின் சராசரி. முதலாவது இரண்டாவதைவிடச் சிறிய இறக்கமாக இருந்தால் பங்கு தாங்கி நிற்கிறது. மூன்றாவது, நான் மேலே சொன்ன பெருக்கல் எண். அது 1.5ஐத் தாண்டினால், ஏற்றத்தில் காட்டிய வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1.5 என்பது என் பழக்கத்தில் வந்த எல்லை, அதற்குக் கோட்பாட்டு ஆதாரம் எதுவும் கிடையாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: 26 வாரங்களில் துறை விழுந்த வாரங்கள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். அதில் ஒரு வாரம் காலாண்டு முடிவு வந்து பங்கு எகிறியிருந்தால் சராசரியே மாறிவிடும். அதனால் வாரங்களைத் தனித்தனியாகவும் ஒருமுறை பாருங்கள். தினசரி எண்களை வைத்தால் வாரங்கள் குறைவு என்ற சிக்கல் தீரும், ஆனால் இரைச்சல் கூடும். நான் வாராந்திரத்திலேயே நின்றுவிட்டேன்.

துறை விழும்போது தாங்கும் பங்கெல்லாம் முன்னணிப் பங்கும் ஆகிவிடாது. இங்கே மூன்று போலிகள் இருக்கின்றன. ஒன்று, மந்தமான பங்கு. 500இல் இருந்த 'த' என்ற பங்கு அதே காலத்தில் 480, 509, 496 என்று போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 0.2500, 0.2609, 0.2471, 0.2534. துறை விழும்போது கோடு ஏறுகிறது, துறை ஏறும்போது இறங்குகிறது. ச-வின் தலைகீழ் நிழல் இது, மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. முன்னணிப் பங்கின் கோடு துறையின் ஏற்றத்திலும் குறைந்தபட்சம் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும். இரண்டாவது, வர்த்தகமே நடக்காத பங்கு. விற்பவர் இல்லாததால் விலை அசையவில்லை, அதை வலிமை என்று நினைத்து வாங்கினால் வெளியே வரும்போதுதான் தெரியும். வர்த்தக அளவைப் பார்த்தாலே இதைப் பிடித்துவிடலாம்.

மூன்றாவது போலிதான் கெட்டிக்காரர்களையும் ஏமாற்றும். ஒரு நிறுவனத்தை இன்னொன்று குறிப்பிட்ட விலைக்கு வாங்குவதாக அறிவித்தால், பங்கு ஒரே நாளில் தாவி அந்த விலைக்குச் சற்றுக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு துறை விழுந்தாலும் அது விழாது, ஒப்பீட்டுக் கோடு அழகாக ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஒப்பந்தம் நடக்கும்வரை அந்தப் பங்குக்கு மேலே இடமில்லை, உடைந்தால் கீழே நிறைய இடம் உண்டு. ஒரு பெரிய தாவலுக்குப் பிறகு தினசரி ஏற்ற இறக்கம் திடீரென்று நூல் மாதிரி ஒல்லியாகிவிட்டால் செய்தியைத் தேடிப் பாருங்கள், காரணம் அனேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, ஒப்பிடும் அளவுகோலே சரியா என்ற கேள்வி. பெரும்பாலான துறைக் குறியீடுகளில் சந்தை மதிப்புக்கு ஏற்ப எடை தருகிறார்கள். சில துறைகளில் இரண்டு மூன்று நிறுவனங்களே குறியீட்டில் பாதி. ஒரு பங்கின் எடை 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 10 சதவீதம் ஏறி, மற்ற எல்லாம் அசையாமல் நின்றால் குறியீடு 4 சதவீதம் ஏறும். அந்தப் பெரிய பங்கு மற்றவர்களை 10 சதவீதம் முந்தியிருந்தும் கோடு 5.8 சதவீதம்தான் காட்டும், ஏனென்றால் அது பாதி தன்னோடு தானே ஓடுகிறது. அசையாமல் நின்ற மற்ற பங்குகள் எல்லாம் ஏறக்குறைய 4 சதவீதம் பலவீனம் என்று காட்டும், அவற்றில் எதுவும் கெட்டுப்போகவில்லை. இன்னும் மோசம், துறைக்கே பணம் வந்துவிட்டது போல் முதல் கோடும் ஏறும். ஒரு நிறுவனத்தின் கதையைத் துறையின் கதையாக எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு எளிய மருந்து சம எடைக் குறியீடு. உங்கள் துறைக்கு வெளியிடப்பட்ட ஒன்று இல்லையென்றால் நீங்களே செய்யலாம். துறையின் பங்குகளின் வாராந்திர சதவீத மாற்றங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் அந்த வாரத்தின் சம எடை மாற்றம் வந்துவிடும். 100இல் தொடங்கி வாராவாரம் பெருக்கிக்கொண்டு போங்கள். சாதாரணக் குறியீட்டோடும் சம எடையோடும் ஒப்பிட்டு இரண்டிலும் முந்தும் பங்கைத்தான் நான் கவனத்தில் வைப்பேன். இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலும் எடைதான் பேசுகிறது. துறை என்ற பெயரும் சில நேரம் ஏமாற்றும். ஒரே குறியீட்டில் இருக்கிற இரண்டு நிறுவனங்களின் வருமானம் முற்றிலும் வேறு வேறு இடங்களிலிருந்து வரலாம். எண்ணெய் தோண்டி எடுக்கும் நிறுவனமும் எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்கும் நிறுவனமும் எரிசக்தி என்ற ஒரே குடையில் இருக்கும், கச்சா எண்ணெய் விலை ஏறினால் இருவருக்கும் ஒரே மாதிரி நல்லது நடக்காது.

தரவு விஷயத்தில் ஒன்றே ஒன்று, நான் சொந்தமாகச் சூடுபட்டது. ஆரம்ப நாட்களில் விலைகளைக் கையால் ஏற்றிய ஒரு தாளை வைத்திருந்தேன். ஒரு பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்ததால் விலை பாதியானது. பழைய விலைகளை நான் திருத்தவில்லை. கோடு செங்குத்தாக விழுந்ததைப் பார்த்து, பலவீனப் பட்டியலில் போட்டு ஒன்றரை மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. துறையில் அப்போது நன்றாக ஓடியது அதுதான். ஒரே வாரத்தில் பாதியாகும் கோட்டைப் பார்த்தால் முதலில் தரவைச் சந்தேகப்படுங்கள். டிவிடெண்ட் அதிகம் தரும் துறைகளிலும் இதே சிக்கல் சின்ன அளவில் வரும். பங்கு டிவிடெண்ட் தேதியில் இறங்கும், அந்தப் பணம் சாதாரண விலைக் கோட்டில் எங்கும் சேராது. 26 வாரக் கணக்கில் இது பெரிதாகப் பாதிக்காது, இரண்டு மூன்று வருடம் பின்னால் போனால் பாதிக்கும்.

இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்திய பங்குகள் சில மாதங்களுக்குத் தொடர்ந்து முந்தும் போக்கு உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ராபர்ட் லெவி 1967இலேயே ஒப்பீட்டு வலிமையை வைத்து இதை எழுதினார். 1970இல் ஜென்சனும் பென்னிங்டனும் அதைச் சோதித்து, வாங்கி விற்கும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றார்கள். 1993இல் ஜெகதீஷும் டிட்மனும் அமெரிக்கப் பங்குகளில் 3 முதல் 12 மாத வெற்றியாளர்கள் அடுத்த 3 முதல் 12 மாதங்களிலும் முந்துவதைக் காட்டிய பிறகுதான் கல்வி உலகம் இதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டது. நம் கேள்விக்கு நேராக வருவது 1999இல் மாஸ்கோவிட்ஸும் கிரின்பிளாட்டும் எழுதிய ஆய்வு. தனிப்பங்குகளின் இந்த வேகத்தில் பெரும்பகுதி துறையிலிருந்தே வருகிறது என்பது அவர்கள் கண்டது. 2001இல் கிரண்டியும் மார்ட்டினும் துறை மட்டும் முழுக் காரணம் ஆகாது என்று மறுத்தார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: துறையைச் சரியாகப் பிடிப்பதுதான் பாதிக்கும் மேற்பட்ட வேலை. துறைக்குள் க-வா ச-வா என்று பார்ப்பது அதற்கு மேல் ஒரு திருத்தம். துறைக் கோடு சந்தைக்கு எதிராக இறங்கிக்கொண்டிருக்கும்போது அதில் வலிமையான பங்கைத் தேடுவதில் நான் நேரம் செலவழிப்பதில்லை.

நான் சொன்ன முறை தோற்கும் ஒரு காலமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெரிய சரிவு முடிந்து சந்தை திரும்பும் முதல் சில மாதங்களில் அதிகம் அடிபட்ட பங்குகள்தான் பாயும். 2009 மார்ச் முதல் மே வரை அமெரிக்காவில், அதற்கு முன் மிக மோசமாக விழுந்திருந்த பத்தில் ஒரு பங்குக் கூட்டம் 163 சதவீதம் ஏறியது, முன்பு முந்திய கூட்டம் 8 சதவீதம்தான் ஏறியது. டேனியலும் மாஸ்கோவிட்ஸும் ஆவணப்படுத்தியது இது. அந்த நேரத்தில் ச போன்ற பங்கை வைத்திருந்தவர் க-வை வைத்திருந்தவரைப் பார்த்துச் சிரித்திருப்பார். சாதாரணத் துறைச் சுழற்சியில், அதாவது சந்தை பெரிதாக நொறுங்காமல் பணம் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போதுதான் இறக்கத்தில் தாங்கிய பங்கைத் தேடும் முறைக்கு அர்த்தம் அதிகம்.

வேலை வரிசை என்று கேட்டால், நான் முதலில் துறைக் குறியீட்டின் சார்ட்டில் கடைசி இரண்டு மூன்று உச்சங்களையும் பள்ளங்களையும் குறித்துக்கொள்வேன். அந்தத் தேதிகளில் மட்டும் ஒவ்வொரு பங்கையும் துறையால் வகுத்து எழுதுவேன். 17 வாரக் கணக்கில் நாம் நான்கே எண்களை வைத்துத்தான் பேசினோம், கவனித்தீர்களா? பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு எண் ஏறியிருக்க வேண்டும், உச்சத்திலிருந்து உச்சத்துக்கும் ஏறியிருக்க வேண்டும். க-வுக்குப் பள்ளங்களில் 0.2109, 0.2202. தொடக்கத்தை ஓர் உச்சமாக எடுத்தால் உச்சங்களில் 0.2000, 0.2146. ச-வும் இந்த வடிகட்டியில் தப்பித்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம், பள்ளங்களில் 0.0701, 0.0736 என்று ஏறித்தானே இருக்கிறது? ஆமாம், ஏனென்றால் துறையின் இரண்டாவது பள்ளமே முதலாவதைவிட உயரத்தில் இருக்கிறது, பெருக்கும் பங்கு அதையும் பெருக்கிக் காட்டும். அதனால்தான் உச்சத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு வரும்போது எண் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். க அங்கே 0.2146இலிருந்து 0.2202க்கு ஏறியது, ச 0.0767இலிருந்து 0.0736க்கு விழுந்தது.

வெளியேறும் அறிகுறியும் இதே எண்களில்தான் வரும். துறை புதிய உச்சம் போய், பங்கும் புதிய உச்சம் போய், வகுத்த எண் மட்டும் பழைய உச்சத்தைத் தொடவில்லை என்றால் நான் பாதியைக் குறைப்பேன். அடுத்த இறக்கத்தில் அது துறையோடு சேர்ந்தே விழுந்தால் மீதியையும் விடுவேன். இந்த இரண்டு படி என் பழக்கம். முதல் அறிகுறியிலேயே முழுவதையும் விற்ற நாட்களில், மறுபடி ஓடிய பங்குகளைப் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக நீங்கள் வாங்கி நொந்த ஐந்தாறு பங்குகளை எடுத்து, நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்னால் துறை கடைசியாக விழுந்த அந்த இறக்கத்தின் இரு முனைகளிலும் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள். எத்தனை பங்குகளில் எண் அப்போதே விழுந்துகொண்டிருந்தது என்று இங்கே எழுதுங்கள், எண்களோடு வந்தால் மேலே பேசலாம்.